பக்கவாதத்துக்குப் பிறகு கிரியேட்டின்: பவுடரா, புரதமா, மாத்திரையா, இன்னொரு மணி நேரப் பயிற்சியா?

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்து ஒரு மாதம் ஆனதும் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். காலில் கொஞ்சம் பலம் வந்திருக்கும், கை மட்டும் அப்படியே இருக்கும். ‘வேறு ஏதாவது கொடுத்துப் பார்க்கலாமா?’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அந்த ‘வேறு ஏதாவது’ பட்டியலில் சமீப காலமாக கிரியேட்டினும் சேர்ந்துவிட்டது. ஜிம்முக்குப் போகும் பேரன் தன் டப்பாவைக் காட்டி, ‘இது தசைக்கு நல்லது, மூளைக்கும் நல்லதாம், பாட்டிக்குக் கொடுக்கலாமே’ என்பான். அவன் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. முழு உண்மையும் இல்லை.

வீட்டில் இருக்கிற பணமும் பராமரிப்பவரின் நேரமும் அளவானவை. ஆகவே கிரியேட்டின் நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்பதில் அர்த்தம் கம்மி. அதே காசையும் கவனத்தையும் வேறு எதில் போடலாம் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும். பொதுவாக ஒரு குடும்பத்தின் முன் வரும் வழிகள் நான்கு: கிரியேட்டின் பவுடர், புரதத்தைக் கூட்டுவது, ‘நரம்பு தேற’ என்று சொல்லிக் கொடுக்கப்படும் ஃப்ளுவாக்செட்டின் போன்ற மாத்திரை, கூடுதல் பயிற்சி நேரம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி நேரம் முதலிடம், புரதம் இரண்டாமிடம், கிரியேட்டின் சிலருக்கு மட்டும் மூன்றாமிடம். கை கால் அசைவுக்காக மட்டும் மாத்திரை என்றால் அது பட்டியலிலேயே வேண்டாம். ஏன் இந்த வரிசை என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

கிரியேட்டின் செய்வது என்ன

கிரியேட்டினை நம் உடலே தயாரிக்கிறது. சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து அதைச் செய்கின்றன, மீதி மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் வருகிறது. உடலில் இருக்கும் கிரியேட்டினில் சுமார் 95 சதவீதம் தசையில் இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுவது, படியில் முதல் கால் வைப்பது போன்ற சில விநாடி முயற்சிக்கு வேண்டிய சக்தியை உடனே நிரப்பித் தருவது அதன் வேலை. காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களின் தசையில் இது சற்றுக் குறைவாக இருக்கும், அதனால் பவுடர் எடுக்கும்போது அவர்களிடம் ஏற்றமும் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். ஒரு நாளைக்கு 3 கிராம் கிரியேட்டினைச் சாப்பாட்டிலிருந்தே எடுக்க வேண்டுமென்றால் அரைக் கிலோவுக்கு மேல் மீன் தின்ன வேண்டியிருக்கும். பவுடர் என்ற வழியே இதனால்தான் வந்தது.

மூளைக்கும் கிரியேட்டின் தேவை. ஆனால் வெளியிலிருந்து கொடுப்பது மூளைக்குள் மெதுவாகத்தான் போகும். நாளுக்கு 20 கிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில்கூட மூளையின் கிரியேட்டின் 9 சதவீதம் அளவுக்கே கூடியது. தசை தாராளமாக வாங்கிக்கொள்ளும், மூளை தயங்கித் தயங்கித்தான் வாங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இனி வரும் ஆய்வுகளைப் படிப்பது எளிது.

பக்கவாதத்தில் கை வராமல் போவதற்கு முதல் காரணம் தசையில் சக்தி இல்லாததல்ல. மூளையின் அசைவுப் பகுதியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை அடிபட்டிருக்கிறது, கட்டளையே கீழே வந்து சேர்வதில்லை. ஒயர் அறுந்த வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றி என்ன பயன் என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் கதை அங்கேயே முடிவதில்லை. வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும் காலில் தசையும் உண்மையிலேயே கரைகிறது. ஆண்டுக்கணக்கில் பக்கவாதத்தோடு வாழ்கிறவர்களின் தொடையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, பாதித்த பக்கத் தசை நல்ல பக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது, இடையில் கொழுப்பும் புகுந்திருந்தது. ஆக ஒருவரிடம் இரண்டு பலவீனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன: கட்டளை வராத பலவீனம், தசை கரைந்த பலவீனம். கிரியேட்டினால் ஏதாவது ஆகும் என்றால் இரண்டாவதில்தான்.

ஆரம்ப ஆய்வுகள் எங்கே நிற்கின்றன

இந்தப் பேச்சு எலிகளில் தொடங்கியது. 2004இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஒரு குழு, சுண்டெலிகளுக்கு நான்கு வாரம் கிரியேட்டின் கலந்த உணவு கொடுத்துவிட்டு, அப்புறம் மூளைக்கு ரத்தம் போகும் குழாயை அடைத்துப் பார்த்தது. கிரியேட்டின் தின்ற எலிகளின் மூளையில் சேதம் குறைவாக இருந்தது. பிறகு ஜெர்மனியிலும் இதே போக்கில் முடிவு வந்தது. இணையத்தில் ‘கிரியேட்டின் பக்கவாதத்தில் மூளையைக் காக்கும்’ என்று வரும் வரிகளின் மூலம் பெரும்பாலும் இவைதான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எலிக்குப் பக்கவாதம் வருவதற்கு முன்பே பவுடர் கொடுத்தாயிற்று. மனிதர்களில் யாருக்கு எப்போது பக்கவாதம் வரும் என்று தெரிந்து நாலு வாரம் முன்பே ஆரம்பிக்க முடியாது. வந்து ஆறு வாரம் கழித்துப் பவுடர் வாங்குகிற குடும்பத்துக்கு இந்த எலி ஆய்வு ஏறக்குறைய எதையுமே சொல்லவில்லை.

மனிதர்களில் ஆவலைக் கிளப்பிய ஆய்வு ஒன்று 2015இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்தது. ஆரோக்கியமான 15 பேருக்கு ஒரு வாரம் நாளுக்கு 20 கிராம் கொடுத்துவிட்டு, ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். மூளையிலிருந்து கைக்குப் போகும் அசைவுப் பாதையைக் காந்தத் தூண்டலால் சோதித்தார்கள். கிரியேட்டின் எடுத்தபோது அந்தப் பாதை ஆக்ஸிஜன் குறைவைச் சற்று நன்றாகச் சமாளித்தது. அசைவுப் பாதையை நேரடியாகத் தொட்ட ஆய்வு என்பதால் எனக்கு இது பிடித்தமானது. ஆனால் இங்கேயும் பவுடர் முன்கூட்டியே போயிருக்கிறது, பாதையும் அறுபடாமல் முழுதாக இருக்கிறது.

பக்கவாதம் வந்தவர்களிடமே கிரியேட்டினைச் சோதிப்பது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பிரேசிலின் பொட்டுகாட்டு நகரப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ‘இகாரஸ்’ என்ற பெயரில் ஒரு சோதனைக்கான திட்டத்தை 2024இல் வெளியிட்டார்கள். மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாட்களிலேயே குறுகிய காலத்துக்குக் கிரியேட்டின் கொடுத்து, தசை அளவும் பலமும் எப்படி இருக்கின்றன என்று கிரியேட்டினே இல்லாத போலிப் பவுடரோடு ஒப்பிடுவது அதன் நோக்கம். கேள்வியே தசையைப் பற்றியதுதான். அதாவது இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களே கிரியேட்டினை மூளை மருந்தாகப் பார்க்கவில்லை, படுக்கையில் தசை கரையாமல் காக்குமா என்றுதான் பார்க்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு கிரியேட்டினால் கை அசைவோ நடையோ கூடுதலாகத் திரும்பியது என்று காட்டிய பெரிய சோதனை இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

பிறகு எதை வைத்து மூன்றாமிடம் கொடுக்கிறேன்? பக்கத்து வீட்டு ஆதாரத்தை வைத்து. 2001இல் பெல்ஜியத்தின் லூவெனில், ஆரோக்கியமான 22 பேரின் ஒரு காலுக்கு இரண்டு வாரம் மாவுக்கட்டு போட்டு, பிறகு பத்து வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கட்டுப் போட்டிருந்தபோது கிரியேட்டின் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் தசை ஒரே அளவில்தான் கரைந்தது. பயிற்சி தொடங்கிய பிறகுதான் வித்தியாசம். கிரியேட்டின் எடுத்தவர்களின் தொடையும் பலமும் வேகமாகத் திரும்பின. சும்மா படுத்திருப்பவருக்குப் பவுடர் கொடுத்துப் பெரிய பலன் இல்லை, எடையோ எதிர்ப்போ வைத்துப் பயிற்சி செய்கிறவருக்குத்தான் அது உதவியாக வரும் என்பது இதிலிருந்து நேராகத் தெரிகிறது.

இதற்கு எதிர்முனையில் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளிடம் 2005இல் பிரிட்டனில் செய்த ஆய்வையும் வைக்க வேண்டும். மறுவாழ்வுப் பயிற்சியோடு கிரியேட்டின் கொடுத்தபோது அவர்களின் தசை கூடியது, பலமும் கூடியது. நடக்கும் திறன் மட்டும் போலிப் பவுடர் எடுத்தவர்களைவிடக் கூடவில்லை. தொடை தடித்தால் நடை தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம். குடும்பம் கேட்பது தொடை சுற்றளவை அல்ல, பாத்ரூம் வரை தனியாகப் போய் வருவதைத்தான்.

மாத்திரையின் கதை

ஃப்ளுவாக்செட்டின் மனச்சோர்வுக்கான மாத்திரை. 2011இல் பிரான்சில் 118 பேரிடம் நடந்த ‘ஃப்ளேம்’ என்ற சோதனையில், அதை எடுத்தவர்களின் அசைவு மதிப்பெண் மூன்று மாதத்தில் 34 புள்ளி கூடியது, எடுக்காதவர்களுக்கு 24. நூற்றுக்குப் பத்துப் புள்ளி வித்தியாசம் என்றால் சின்ன விஷயம் இல்லை. உலகமெங்கும் மருத்துவர்கள் எழுதித்தரத் தொடங்கினார்கள். அப்புறம் 2019இல் பிரிட்டனில் 3,127 பேரிடம் ‘ஃபோகஸ்’ சோதனை முடிந்தது. ஆறு மாதம் கழித்து அன்றாட வாழ்க்கைத் திறனில் எந்த முன்னேற்றமும் இல்லை, எலும்பு முறிவு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. ஆஸ்திரேலியா, ஸ்வீடன் பக்கம் நடந்த மற்ற இரண்டு பெரிய சோதனைகளும் அதையே சொல்லின.

மனச்சோர்வு இருந்தால் அந்த மாத்திரை தேவை, அது வேறு கணக்கு, அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஆனால் கை வருவதற்காக என்றால் அந்த வாசல் மூடியாயிற்று.

கிரியேட்டின் இன்னும் ஃப்ளேம் அளவுக்கான ஒரு வெற்றியைக்கூடப் பக்கவாதத்தில் காட்டவில்லை என்பதைச் சேர்த்துப் பாருங்கள். மற்ற மூளை நோய்களில் அதன் பெரிய சோதனைகளும் தோற்றிருக்கின்றன. பார்க்கின்சன் நோயில் 1,741 பேருக்கு நாளுக்கு 10 கிராம் வீதம் ஆண்டுக்கணக்கில் கொடுத்துவிட்டு, பலன் இல்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். ஒரே ஆறுதல், நிறுத்தியது பலன் இல்லாததால்தான், கெடுதல் வந்ததால் அல்ல. இத்தனை பேர் இத்தனை நாள் எடுத்தும் பெரிய ஆபத்து தலைகாட்டவில்லை என்பது கிரியேட்டினுக்குச் சாதகமான விஷயம்.

புரதமும் பயிற்சி நேரமும்

புரதத்துக்கு ஆதாரம் சற்று நெருக்கமானது. ஜப்பானில் பக்கவாதத்துக்குப் பிறகு தசை கரைந்திருந்த 44 முதியவர்களிடம், லியூசின் என்ற அமினோ அமிலம் அதிகமுள்ள சத்துணவோடு இலகுவான எதிர்ப்புப் பயிற்சியை எட்டு வாரம் கொடுத்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இவர்களின் தசையும் கைப்பிடி பலமும் கூடின, அன்றாட வேலைகளைத் தாமே செய்யும் மதிப்பெண்ணும் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் பக்கவாதம் வந்தவர்களிடமே நடந்தது, வேலை செய்யும் திறனையும் அளந்தது. கிரியேட்டின் பக்கம் இவை இரண்டும் ஒன்றாக இன்னும் வரவில்லை. இரண்டாமிடம் கொடுக்க எனக்கு இது போதும்.

பயிற்சி நேரத்தில் எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 72 பேரிடம் செய்து 2021இல் வெளியான ஒரு சோதனையில், வழக்கமான பயிற்சிக்கு மேல் 20 மணி நேரம் கைப்பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு முதல் மாதத்தில், இன்னொரு குழுவுக்கு இரண்டாம் மூன்றாம் மாதத்தில், மற்றொன்றுக்கு ஆறு மாதம் கழித்து. ஓராண்டு முடிவில், கூடுதல் பயிற்சியே பெறாதவர்களைவிட இரண்டாம் மூன்றாம் மாதத்தில் பெற்றவர்கள் கைத்திறன் மதிப்பெண்ணில் 57க்கு ஏழு புள்ளி முன்னால் இருந்தார்கள். முதல் மாதக் குழு ஐந்து புள்ளி. ஆறு மாதம் கழித்துப் பெற்றவர்களுக்குச் சொல்லும்படியான லாபம் இல்லை. அதே 20 மணி நேரம்தான், போட்ட நாள்தான் வேறு. அதற்காக முதல் 24 மணி நேரத்திலேயே எழுப்பி நடக்கவிட்டால் இன்னும் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் செய்து பார்த்த பெரிய சோதனையில் முடிவு மோசமாகத்தான் வந்தது.

எனவே பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருப்பவரின் வீட்டில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், அது பிசியோதெரபிஸ்ட் அல்லது கைப்பயிற்சி தரும் தெரபிஸ்ட்டின் கூடுதல் நாட்களுக்குப் போக வேண்டும். பவுடர் அடுத்த மாதமும் கடையில் கிடைக்கும். அந்த இரண்டாம் மூன்றாம் மாதம் திரும்ப வராது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒருவரை எடுத்துக்கொள்வோம். 62 வயதுப் பெண், 58 கிலோ, சைவம், சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. இடது பக்கம் பாதித்து ஆறு வாரம் ஆகிறது. தோளைப் பக்கவாட்டில் பாதிவரை தூக்குகிறார், விரல்கள் லேசாக விரிகின்றன. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுகிறார். கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை அளவு 0.9.

முதலில் பார்க்க வேண்டியது விரல். ஆக்லாந்தின் மறுவாழ்வு ஆய்வாளர்கள், பக்கவாதம் வந்த மூன்றாம் நாளில் தோளைப் பக்கவாட்டில் தூக்குவதற்கும் விரலை விரிப்பதற்கும் தலா ஐந்து மதிப்பெண் வைத்து, இரண்டையும் கூட்டி, கை எந்த அளவு திரும்பும் என்று கணிக்கிறார்கள். கூட்டுத்தொகை ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் நல்ல அறிகுறி. விரல் விரிகிறது என்றால் கட்டளைப் பாதையில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது என்று பொருள். இந்த அம்மாவுக்கு அது இருக்கிறது. அந்தப் பாதையைத் திரும்பத் திரும்ப நடக்கவைப்பது பயிற்சிதான், ஆகவே பணம் முதலில் அங்கே. ஆறு வாரம் ஆகிவிட்டதால் இரண்டாம் மூன்றாம் மாத வாய்ப்பு இவருக்கு வாசலிலேயே நிற்கிறது. விரல் அசைவே இல்லாதவராக இருந்தால், கைக்காக எந்தப் பவுடரையும் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. காலுக்காக வேண்டுமானால் யோசிக்கலாம்.

அடுத்து சாப்பாடு. இந்த வயதில் நோயிலிருந்து தேறுகிறவருக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று வைத்தால், நாளுக்கு 70 கிராம் வேண்டும். காலையில் மூன்று இட்லி சாம்பார், மதியம் சாதம், குழம்பு, கூட்டு, தயிர், மாலையில் காபி, இரவு இரண்டு தோசை என்று கூட்டினால் 40 கிராம் தேறும். மீதி முப்பதுக்கு ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், 50 கிராம் பன்னீர், கூட்டில் ஒரு சிறு கைப்பிடி மீல் மேக்கர் சேர்த்தால் ஏறக்குறைய வந்துவிடும். டப்பா எதுவும் வாங்காமலே முடிகிற வேலை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். விழுங்குவதில் சிரமம் இருந்தால் சுண்டலை மசித்துத்தான் தர வேண்டும், முழுக் கடலை ஆபத்து.

இவை இரண்டும் ஓடத் தொடங்கிய பிறகுதான் கிரியேட்டின். சைவம் சாப்பிடுகிறவர், எழுந்து உட்காரும் பயிற்சியைப் பல தடவை செய்ய முடிகிறவர், சிறுநீரகம் சரியாக இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் முயன்று பார்க்கத் தகுதியானவர்தான். ஜிம்மில் சொல்வது போல முதல் வாரம் 20 கிராம் ஏற்றுவது இவருக்கு வேண்டாம். நாளுக்கு 3 கிராம் எடுத்தாலே சுமார் நான்கு வாரத்தில் தசை அதே அளவுக்கு நிறைந்துவிடும். 20 கிராம் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம், எழுந்து பாத்ரூம் போகவே கஷ்டப்படுகிறவருக்கு அது தேவையில்லாத வம்பு. வாங்கும்போது வெறும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்று மட்டும் எழுதியிருக்கும் டப்பா போதும். ‘ப்ரீ ஒர்க்அவுட்’ கலவைகளில் காஃபின் போன்றவை சேர்ந்திருக்கும், ரத்தக்கொதிப்புக்காரர் அதன் பக்கமே போகக்கூடாது.

பவுடர் குளிர்ந்த நீரில் சரியாகக் கரையாது, டம்ளரின் அடியில் மணல் போல் தங்கும். மூக்கு வழியாகக் குழாய் வைத்திருப்பவருக்கு அப்படியே விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் முழுக்கக் கரைத்து, கலக்கிய உடனே கொடுக்க வேண்டும், கரைத்து வைத்துவிட்டு மறுநாள் கொடுக்கக் கூடாது. நீரைக் கெட்டியாக்கிக் குடிக்கச் சொல்லியிருந்தால், முதலில் பவுடரைக் கரைத்துவிட்டு அப்புறம் கெட்டியாக்கும் மாவைச் சேர்க்க வேண்டும்.

இனி சிறுநீரகப் பரிசோதனை. பலர் தடுமாறும் இடம் இதுதான். உடலில் கிரியேட்டின் சிதையும்போது கிரியேட்டினின் ஆகிறது. அதிகக் கிரியேட்டின் உள்ளே போனால் ரத்தத்தில் கிரியேட்டினினும் சற்று ஏறலாம், சிறுநீரகம் நன்றாகவே இருந்தாலும். நம் கணக்கிலுள்ள அம்மாவுக்கு 0.9 என்றால் சிறுநீரக வடிகட்டும் அளவு 72 என்று லேப் அறிக்கை காட்டும். அது 1.1 ஆனால் அதே சூத்திரத்தில் 57 ஆகிவிடும். அறுபதுக்குக் கீழே போனதும் ‘நாள்பட்ட சிறுநீரக நோய்’ என்ற பேச்சு தொடங்கும், மெட்ஃபார்மின் அளவைக் குறைக்கலாமா என்று யோசிப்பார்கள். இதயத் துடிப்புக் கோளாறால் பக்கவாதம் வந்து டாபிகாட்ரான் எடுக்கிறவராக இருந்தால் அதன் அளவையும் இதே கிரியேட்டினினை வைத்துப் போடும் இன்னொரு கணக்கைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைத் தவறான எண்ணைப் பார்த்துக் குறைப்பது, அடுத்த பக்கவாதத்துக்கு வழிவிடுவது போலத்தான்.

வேறு பக்கத்திலும் ஆபத்து உண்டு. எண் ஏறியதற்குப் பவுடர்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிட்டு, உண்மையிலேயே கெடத் தொடங்கிய சிறுநீரகத்தைக் கவனிக்காமல் விடுவது. சர்க்கரையும் கொதிப்பும் இருப்பவருக்கு அது நடக்கக்கூடியதே. அதனால் பவுடர் தொடங்கும் முன் ஒரு பரிசோதனை, தொடங்கி ஒரு மாதத்தில் இன்னொன்று எடுப்பது நல்லது. எண் ஏறியிருந்தால் சிஸ்டாடின் சி என்ற பரிசோதனையையும் சிறுநீரில் அல்புமினையும் கேட்கலாம். சிஸ்டாடின் சி கிரியேட்டினைச் சார்ந்ததல்ல, ஆகவே அது சரியாக இருந்து கிரியேட்டினின் மட்டும் ஏறியிருந்தால் பவுடர்தான் காரணம் என்று மருத்துவரால் சொல்ல முடியும். வடிகட்டும் அளவு ஆரம்பத்திலேயே அறுபதுக்குக் கீழே இருக்கிறவருக்கு, இவ்வளவு மெல்லிய ஆதாரத்துக்காக இந்தக் குழப்பத்தை வரவழைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். எடை ஓரிரு கிலோ கூடுவது தசைக்குள் நீர் சேர்வதால். இதயம் பலவீனமானவருக்கு எடை கூடுவதே எச்சரிக்கை மணி என்பதால், அங்கேயும் இது குழப்பத்தைத்தான் தரும்.

பலித்ததா என்று தெரிவது எப்படி

இந்த அம்மா ஆறாம் வாரத்தில் இருக்கிறார். பவுடர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அடுத்த இரண்டு மாதத்தில் இவர் தேறத்தான் போகிறார், அந்தக் காலத்தில் உடல் தானாகவே மீளும். ‘பவுடர் ஆரம்பித்த நாலாம் வாரம் கை வந்தது’ என்று யார் சொன்னாலும், பவுடர் இல்லாமலே வந்திருக்குமா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. ஃப்ளுவாக்செட்டின் போலிப் பெருமை பெற்றது சிறிய சோதனையில். ஒரே ஒரு வீட்டில் அது இன்னும் சுலபமாக நடக்கும்.

ஆகவே அளப்பதைக் கால் பக்கம் வைத்துக்கொள்வது மேல். கிரியேட்டின் உதவக்கூடிய தசைப் பலம் அங்கேதான் நேராகத் தெரியும். கைப்பிடி இல்லாத, சுவரோடு ஒட்டி வைத்த ஒரே நாற்காலி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்ற கணக்கு, பக்கத்தில் பிடிக்க ஓர் ஆள். இவர் இன்னும் கைப்பிடியைப் பிடித்துத்தான் எழுகிறார் என்பதால் இப்போதைக்குக் கைப்பிடி நாற்காலியிலேயே எண்ணலாம், ஆனால் நாற்காலியை நடுவில் மாற்றக் கூடாது. பத்து மீட்டர் நடக்க எத்தனை விநாடி ஆகிறது என்பது இரண்டாவது அளவு. பவுடர் தொடங்கும் முன் சில நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து எழுதி வையுங்கள். முதல் தடவை பழக்கமில்லாததால் எண் குறைவாக வரும், இரண்டாவதுதான் நம்பத்தக்கது. அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், மாத்திரை எடுத்து அதே இடைவெளிவிட்டு.

மருத்துவர் சம்மதித்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. பவுடரை இப்போது தொடங்காமல் ஆறு மாதம் தள்ளி வைப்பது. அப்போது தானாக வரும் தேறுதல் பெரும்பாலும் அடங்கி, எண்கள் ஒரே இடத்தில் நிற்கத் தொடங்கியிருக்கும். நான்கு வாரம் பயிற்சியை மட்டும் மாற்றாமல் செய்து, எழுந்து உட்காரும் எண்ணிக்கை எட்டிலேயே நிற்கிறது என்று தெரிந்த பிறகு 3 கிராம் தொடங்கி, அதே பயிற்சியோடு பன்னிரண்டு வாரம் பார்க்கலாம். எண் எட்டிலிருந்து பதினொன்றுக்குப் போனால் தொடர்வதில் தவறில்லை. எட்டு, ஒன்பது, எட்டு என்று ஊசலாடினால் டப்பாவை மூடிவிட்டு, அந்த மாதக் காசைப் பாலுக்கும் பன்னீருக்கும் தெரபிஸ்ட்டின் இன்னொரு வருகைக்கும் திருப்பிவிடலாம்.

எந்த வழியில் போனாலும், ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதும் டிஸ்சார்ஜ் தாளோடு புது மருத்துவரைப் பார்க்கும்போதும் மருந்துப் பட்டியலின் கடைசி வரியில் ‘கிரியேட்டின் 3 கிராம், தொடங்கிய தேதி’ என்று எழுதிக் கொடுங்கள். ‘அது மருந்தில்லையே, சத்துப் பவுடர்தானே’ என்று சொல்லாமல் விடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.